நீலச் சாயமும் 1859 கிளர்ச்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு வரலாறு நடத்துகிறேன். நீலச் செடி பயிரிட மாட்டோம் என்று வங்காளக் குடியானவர்கள் மறுத்த 'இண்டிகோ கிளர்ச்சி' பாடநூலில் ஒரு சின்னப் பத்தியோடு முடிந்துவிடும். ஆனால் அந்தப் பாடம் முடிந்தபின் வரும் சந்தேகங்கள் மட்டும் ஒரு வகுப்பு நேரத்தைத் தின்றுவிடுகின்றன. ஒவ்வோர் ஆண்டும் அதே கேள்விகள்தான் வருகின்றன. அவற்றை மாணவர்கள் கேட்டபடியே கீழே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சேர்த்திருக்கிறேன்.

சார், இண்டிகோ என்பது செடியின் பெயரா, சாயத்தின் பெயரா? நம் ஊர் அவுரியும் அதுவும் ஒன்றா?

சாயத்தின் பெயர் இண்டிகோ. 'இந்தியாவிலிருந்து வந்தது' என்ற பொருளில் கிரேக்கர்களும் ரோமானியர்களும் வைத்த பெயரிலிருந்து வந்தது. செடிக்கு நாம் அவுரி அல்லது நீலி என்கிறோம். வங்காளிகள் செடியையும் சாயத்தையும் சேர்த்து 'நீல்' என்கிறார்கள். வங்காளத்தில் பயிரானதும் திண்டிவனம் பக்கம் இன்றும் பயிராவதும் ஒரே அவுரி இனம்தான். இடுப்பளவு வளரும், சிறிய இலைகளும் இளஞ்சிவப்புப் பூவும் கொண்ட பயறு வகைச் செடி அது. தொட்டுப் பார்த்தால் நீலத்தின் சாயலே இருக்காது.

பச்சை இலைக்குள் நீலம் எங்கே ஒளிந்திருக்கிறது? எப்படி வெளியே எடுத்தார்கள்?

இலைக்குள் இருப்பது நிறமற்ற ஒரு பொருள். இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டால் புளித்து, அந்தப் பொருள் சர்க்கரையைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் கரைகிறது. பிறகு காற்று பட்டால்தான் நீலமாகிறது. நீலமான பிறகு அது தண்ணீரில் கரையாது, அடியில் வண்டலாகத் தங்கிவிடும். ஒரு முறை மாணவர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு குடம் அவுரித் தழையை இரவு ஊறப்போட்டேன். காலையில் தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாக, மாட்டுத் தொழுவ வாடையோடு இருந்தது. மத்தால் கடையக் கடைய நுரை முதலில் பச்சையாகவும் பிறகு நீலமாகவும் மாறியது. என் விரல் நகங்களில் ஒட்டிய நீலம் போக ஒரு வாரம் ஆனது.

வங்காளத்து ஆலைகளில் இதே வேலை பெரிய அளவில் நடந்தது. ஒன்றுக்குக் கீழே ஒன்றாகச் செங்கல் தொட்டிகள் கட்டியிருப்பார்கள். பூக்கும் பருவத்தில் அறுத்த செடி வாடுவதற்குள் மேல் தொட்டிக்கு வந்துவிட வேண்டும். அதனால்தான் வயல்கள் ஆலையைச் சுற்றியே இருந்தன. இதை நினைவில் வையுங்கள், நான்காவது கேள்விக்கு இது தேவைப்படும். மேல் தொட்டியில் சுமார் 10 மணி நேரம் ஊறிய தண்ணீர் கீழ்த் தொட்டிக்கு இறங்கும். அங்கே கூலியாட்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்று துடுப்பு போன்ற கட்டைகளால் இரண்டு மூன்று மணி நேரம் அடிப்பார்கள். வண்டல் தங்கியதும் மேல் தண்ணீரை வடித்துவிட்டு, வண்டலைக் காய்ச்சி, துணியில் வடிகட்டி, அழுத்தி, சோப்புக் கட்டி போல வெட்டி, நிழலில் பல வாரங்கள் காயவைப்பார்கள். வெயிலில் வைத்தால் கட்டி வெடித்துவிடும், விலை போகாது. காய்ந்த கட்டிகள் பெட்டியில் அடைக்கப்பட்டுக் கல்கத்தா போகும், அங்கிருந்து லண்டன் ஏலத்துக்குப் போகும்.

இந்தச் சாயத்துக்கு ஏன் திடீரென்று அவ்வளவு கிராக்கி? அதற்கு முன் ஐரோப்பா என்ன செய்தது?

அதற்கு முன்பும் இந்திய நீலம் போய்க்கொண்டுதான் இருந்தது. ஆக்ராவுக்கு அருகிலுள்ள பயானாவிலும் குஜராத்தின் சர்க்கேஜிலும் விளைந்த நீலத்துக்கு முகலாயர் காலத்திலேயே நல்ல பெயர் இருந்தது. பிறகு கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவின் தென் கரோலினாவிலும் அடிமைகளை வைத்து மலிவாக விளைவிக்கத் தொடங்கியதும் இந்திய நீலம் பின்தங்கியது. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஏற்பாடு உடைந்தது. அமெரிக்கா சுதந்திரம் பெற்றுப் பிரிந்தது. பிரெஞ்சுக்காரர்களின் சான் டொமிங்கோ தீவில் 1791-இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அதே நேரத்தில் இங்கிலாந்தில் துணி ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. 1788-இல் பிரிட்டனுக்குள் வந்த நீலத்தில் இந்தியப் பங்கு சுமார் 30 சதவீதம். 1810-இல் அது 95 சதவீதம்.

இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் இந்தியாவில் சேர்த்த பணத்தை லண்டனுக்கு அனுப்பியாக வேண்டும். நீலத்தை இங்கே வாங்கி அங்கே விற்பது அதற்கு வசதியான வழி. அதனால் கல்கத்தாவின் ஏஜென்சி நிறுவனங்கள் நீல ஆலைகளுக்குக் கடனை வாரிக் கொட்டின. லண்டனில் விலை விழுந்தபோதெல்லாம் அந்தக் கடன் சங்கிலி அறுந்தது. 1830-இல் பாமர் கம்பெனி திவாலானது. 1848 வாக்கில் யூனியன் வங்கி முறிந்தது. ஆக, நீல ஆலை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் கழுத்திலும் ஒரு கடன் கயிறு இருந்தது. அதை அவர் இறக்கிவைத்த இடம் குடியானவரின் கழுத்து.

அந்தத் துரைமாரே நிலம் வாங்கி ஆள் வைத்துப் பயிர் செய்திருக்கலாமே? ஏன் குடியானவர்களை வற்புறுத்த வேண்டும்?

சிலர் செய்தார்கள். சொந்தச் சாகுபடிக்கு 'நிஜ்' என்று பெயர். குடியானவர் நிலத்தில் அவரையே விளைவிக்கச் செய்வது 'ரயத்தி' முறை. வங்காளத்தில் நிஜ் முறை எப்போதும் சிறு பங்குதான், மொத்தப் பரப்பில் கால் பங்கைக்கூட எட்டவில்லை.

காரணம் எளிது. செடி வாடாமல் வந்துசேர வேண்டும் என்று மேலே சொன்னேன். அதற்கு ஆலையைச் சுற்றி ஒரே பரப்பாக வளமான நிலம் வேண்டும். அந்த நிலத்தில் எல்லாம் ஏற்கெனவே குடியானவர்கள் நெல் பயிரிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு பிகாவுக்கு இரண்டு ஏர் தேவை என்று கணக்கு. வங்காளத்து பிகா ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு. ஆயிரம் பிகா சாகுபடி செய்ய நினைக்கும் துரைக்கு இரண்டாயிரம் ஏரும் அதற்கு மாடுகளும் வேண்டும். நெல் நடவு நடக்கும் அதே நாட்களில்தான் அவருக்கும் ஆள் தேவைப்படும். குடியானவரிடம் நிலம், மாடு, ஏர், குடும்பத்தின் உழைப்பு எல்லாமே இருந்தன. ஒரு கையெழுத்தில் அத்தனையும் கிடைக்கும்போது சொந்தமாக வாங்கிச் செலவழிக்க யார் முன்வருவார்?

அந்தக் கையெழுத்துதான் 'தாதன்' என்பதா? அது கடனா, கூலியா?

தாதன் என்பது முன்பணம். பிகாவுக்கு இரண்டு ரூபாய். கையெழுத்து வாங்கும் ஒப்பந்தத்துக்கு 'சட்டா' என்று பெயர். தன் நிலத்தில் இத்தனை பிகாவில், பெரும்பாலும் கால் பங்கில், நீலம் விதைத்து, விளைந்ததை முன்பே குறித்த விலைக்கு ஆலைக்கே தருகிறேன் என்று அதில் இருக்கும். பல இடங்களில் வெற்று முத்திரைத் தாளில் கைநாட்டு வாங்கி வைத்துக்கொண்டு பிறகு நிரப்பினார்கள்.

கடனா, கூலியா என்று கேட்டால், தொடக்கத்தில் விலையின் முன்பணம், முடிவில் தீராத கடன். வாங்கும் நாளில் அது இனிப்பாகவே இருந்திருக்கும். கந்தாயம் கட்ட வேண்டிய நேரம், வீட்டில் கல்யாணம், கையில் காசில்லை. வட்டிக்காரரைவிட மலிவாக வந்த பணம் அது. சிக்கல் அடுத்த ஆண்டு கணக்குப் பார்க்கும்போது தொடங்கும்.

வருட முடிவில் கையில் என்னதான் மிஞ்சியது? ஒரு கணக்காகப் போட்டுக் காட்டுங்கள்.

ஒரே ஒரு பிகாவை எடுத்துக்கொள்வோம். கணக்கு நான் போட்ட மாதிரிதான், ஆனால் இதில் வரும் இனங்கள் ஆலைக் கணக்கில் வழக்கமாக இருந்தவை. முன்பணம் 2 ரூபாய். முத்திரைத் தாளுக்கும் ஆலை தந்த விதைக்கும் சேர்த்து 6 அணா. செடியை ஆலைக்கு ஏற்றிச் சென்ற வண்டிக்கு 4 அணா. ஆக, அவர் பெயரில் பற்று 2 ரூபாய் 10 அணா. இனி வரவு. செடிக்கு விலை எடையால் இல்லை, கட்டுக் கணக்கு. செடியை அடுக்கி நடுவில் சங்கிலியைச் சுற்றுவார்கள், சங்கிலி ஒரு சுற்று வந்தால் ஒரு கட்டு. ரூபாய்க்கு 4 கட்டு என்பது நல்ல விலை, 8 கட்டு வரை கேட்ட ஆலைகளும் உண்டு. நம் குடியானவர் வயலிலிருந்து 8 கட்டு என்று நினைத்துக் கொண்டுபோகிறார். ஆலையின் ஆள் செடியை மிதித்து அமுக்கிச் சங்கிலியை இறுக்கினால் அது 6 கட்டாகிறது. வரவு 1 ரூபாய் 8 அணா. பாக்கி 1 ரூபாய் 2 அணா, அவர் தர வேண்டியது. உழவு, களையெடுப்பு, நிலத்தின் வாரம், அளப்பவருக்கும் எழுதுபவருக்கும் கொடுத்த காசு எதுவும் இந்தக் கணக்கில் இல்லை.

அந்தப் பாக்கி அடுத்த ஆண்டு முன்பணத்தில் கழியும். அப்போது கைக்கு வருவது 14 அணா, ஆனால் கட்ட வேண்டிய செடி அதே அளவு. சில ஆண்டுகளில் பணமே கைக்கு வராமல் கணக்குப் புத்தகத்தில் மட்டும் தாதன் எழுதப்படும். அப்பா செத்தால் பாக்கி மகன் பெயருக்கு மாறும். எதிர்ப்பக்கக் கணக்கையும் பாருங்கள்: 10 கட்டுச் செடியிலிருந்து சுமார் 2 சேர் சாயம் கிடைக்கும், சந்தையில் அதன் விலை ஏறக்குறைய 10 ரூபாய். அதே 10 கட்டுக்குக் குடியானவர் பெற்றது நல்ல ஆலையில் இரண்டரை ரூபாய். ஆலைச் செலவைக் கழித்தாலும் நடுவில் போன பணம் கண்ணுக்குத் தெரியும்.

நீலம் பயிரிட்டால் மண் செத்துவிடும் என்று படித்தேன். அதுதான் காரணமா?

பாடநூல்கள் அப்படித்தான் எழுதுகின்றன. குடியானவர்களும் அப்படிச் சொன்னார்கள். ஆனால் அவுரி பயறு வகைச் செடி என்பதை மறக்க வேண்டாம். அதன் உறவுக்காரச் செடியான கொழுஞ்சியை நாம் பசுந்தாள் உரமாக மடக்கி உழுகிறோம். செடியை அடியோடு அறுத்து ஆலைக்கு அள்ளிக்கொண்டு போய்விட்டால் மண்ணுக்குத் திரும்புவது எதுவும் இல்லை. ஊறி எடுத்த சக்கை நல்ல எரு, ஆனால் அது ஆலையோடு நின்றுவிடும். ஆகவே குறை செடியில் இருந்ததைவிட ஏற்பாட்டில் இருந்தது என்பது என் கருத்து.

இதைவிடப் பெரிய சேதம் காலத்தில் நேர்ந்தது. வசந்தத்தில் முதல் மழை விழுந்ததும் மண் இளகும். நெல்லுக்கு உழ வேண்டிய நாளும் அதுதான், நீலத்துக்கு உழ வேண்டிய நாளும் அதுதான். ஈரம் நான்கைந்து நாட்களில் காய்ந்துவிடும். அந்த நாட்களில் ஆலையின் அமீன் வயலில் வந்து நிற்பார், முதலில் நீலம், பிறகு உன் நெல் என்பார். எந்த வயலில் விதைப்பது என்பதையும் அவரே அடையாளம் வைப்பார். வீட்டுக்கு அருகில், எரு போட்டுப் பேணிய நிலத்தில்தான் அந்த அடையாளக் கோல் பெரும்பாலும் நடப்படும்.

அமீன், குமாஸ்தா என்கிறீர்களே, இவர்கள் யார்? வெள்ளைக்காரர்களா?

இல்லை, எல்லோரும் உள்ளூர்க்காரர்கள். ஆலையில் துரை ஒருவரோ இருவரோதான். அவருக்குக் கீழே திவான், திவானுக்குக் கீழே கணக்கெழுதும் கொமஸ்தா, நிலம் அளக்கும் அமீன், வேலை வாங்கும் தாகீத்கீர், அடிக்க வைத்திருக்கும் 'லத்தியால்' எனப்படும் தடியாட்கள். நம் அலுவலகக் குமாஸ்தாவும், ஜப்தி செய்ய வரும் நீதிமன்ற அமீனாவும் இதே சொற்களின் தமிழ் வடிவங்கள். சம்பளம் குறைவாக இருந்ததால் இவர்கள் ஒவ்வொருவரும் குடியானவரிடம் 'தஸ்தூரி' என்று மாமூல் வாங்கினார்கள். துரை நேர்மையானவராக இருந்தாலும்கூட ரூபாய்க்கு நான்கு கட்டு என்ற விலை வயலுக்கு வந்து சேர்வதற்குள் தேய்ந்துவிடும்.

'முடியாது' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? நீதிமன்றம் இருந்ததல்லவா?

முதலில் மாட்டை ஓட்டிக்கொண்டு போவார்கள். பிறகு ஆளைத் தூக்கிப்போய் ஆலைக் கிடங்கில் அடைப்பார்கள். வீட்டார் போலீஸில் புகார் செய்து தேடி வந்தால், அதற்குள் ஆளை வேறோர் ஆலையின் கிடங்குக்கு மாற்றியிருப்பார்கள். அடிப்பதற்கென்று தோல் சுற்றிய கோல் ஒன்று இருந்தது. அதற்குக் கிருஷ்ணனின் பெயரையே வைத்து 'சியாம்சந்த்' என்றார்கள். ஃபரித்பூரில் மாஜிஸ்டிரேட்டாக இருந்த டி லதூர் என்ற ஆங்கிலேயர், மனித ரத்தக் கறை படியாமல் ஒரு நீலப் பெட்டிகூட இங்கிலாந்துக்குப் போனதில்லை என்று 1860-இல் விசாரணைக் குழு முன் சொன்னார். அந்தச் சொற்றொடர் முன்பே பாதிரியார்களின் பெயரில் உலவியதுதான். மாஜிஸ்டிரேட்டாகத் தான் கண்டதைக் கொண்டு அதை முழுமையாக ஏற்பதாக அவர் சொன்னார்.

நீதிமன்றம் இருந்தது. ஆனால் ஐரோப்பியர் ஒருவர் மீதான குற்ற வழக்கு மாவட்டத்தில் நடக்காது, கல்கத்தா உச்ச நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். நதியாவில் அடிபட்ட குடியானவர் சாட்சிகளையும் கூட்டிக்கொண்டு கல்கத்தாவுக்குப் போய்த் தங்கி வழக்கு நடத்த வேண்டும். இந்தச் சலுகையை நீக்க 1849-இல் சட்ட வரைவு வந்தபோது ஐரோப்பியர்கள் அதைக் 'கறுப்புச் சட்டம்' என்று கத்தி நிறுத்திவிட்டார்கள். 1857-இல் துரைமார் சிலருக்கே கௌரவ மாஜிஸ்டிரேட் பதவியும் கிடைத்தது. அதற்குள் பலர் சுற்றுப்புறக் கிராமங்களின் ஜமீன் உரிமையையும் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். நீலம் கேட்பவரும், வாரம் வசூலிப்பவரும், வழக்கு விசாரிப்பவரும் ஒரே ஆளாக இருக்கும் ஊரைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

இத்தனை காலம் பொறுத்தவர்கள் ஏன் குறிப்பாக 1859-இல் எழுந்தார்கள்?

இரண்டு விஷயங்கள் ஒன்றுசேர்ந்தன. 1850-களின் பிற்பகுதியில் அரிசி விலையும் கூலியும் வெகுவாக ஏறின, நீலச் செடியின் விலை மட்டும் நகரவில்லை. மேலே போட்ட கணக்கில் வரவு ஒன்றும் மாறாமல் செலவு மட்டும் கூடியதாக வைத்துக்கொள்ளுங்கள். நீலம் விதைத்த ஒவ்வொரு பிகாவும் நெல் போட்டிருந்தால் கிடைத்திருக்கும் பணத்தைத் தினமும் நினைவூட்டியது.

இரண்டாவது, ஒரு காகிதம். பாராசத் மாஜிஸ்டிரேட் ஆஷ்லி ஈடன், நிலம் குடியானவருடையது, அதில் எதை விதைப்பது என்பது அவர் விருப்பம், அதை யாரும் பலவந்தமாகத் தடுக்காமல் காப்பது போலீஸின் வேலை என்ற கருத்தை 1859-இல் உறுதியாக எடுத்தார். அவர் கீழிருந்த கலாரோவா துணை மாஜிஸ்டிரேட் அதை வங்காளியில் போலீஸுக்கு உத்தரவாக எழுதி அனுப்பினார். புதிதாக எந்தச் சட்டமும் வரவில்லை, இருந்த சட்டத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் அந்த வாசகம் ஊர் ஊராகப் பரவும்போது 'இனி நீலம் போட வேண்டாம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது' என்று ஆகிவிட்டது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்திலும் அடுத்த வசந்தத்திலும் நதியா, ஜெசோர், பாப்னா மாவட்டங்களில் கிராமம் கிராமமாகத் தாதன் வாங்க மறுத்தார்கள்.

துப்பாக்கி வைத்திருந்தவர்களை இவர்கள் எதை வைத்து எதிர்த்தார்கள்?

பெரும்பகுதி போராட்டம் விதைக்காமல் இருந்ததுதான், சண்டை அல்ல. நதியாவின் சௌகாச்சா கிராமத்தைச் சேர்ந்த விஷ்ணுசரண் பிஸ்வாஸும் திகம்பர் பிஸ்வாஸும் முன்பு ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஆலை எப்படி மிரட்டும் என்பது அவர்களுக்கு உள்ளிருந்தே தெரியும். மறுத்தவர்களின் பாக்கியைத் தங்கள் கைக்காசால் அடைத்து, வழக்குச் செலவையும் ஏற்று, அடியாட்களை எதிர்க்கத் தாங்களும் லத்திக்காரர்களை அமர்த்தினார்கள்.

அடியாட்கள் வந்தபோது என்ன செய்தார்கள் என்பதை சாந்திபூர் பகுதியில் இருந்த போம்வெட்ஷ் என்ற ஜெர்மானியப் பாதிரியார் 1860-இல் ஒரு பத்திரிகைக்கு எழுதினார். ஊரார் தங்களைப் படைப்பிரிவுகளாகப் பிரித்துக்கொண்டார்களாம். ஒரு பிரிவிடம் கவண், ஒன்றிடம் செங்கல் துண்டு, ஒன்றிடம் கெட்டியான வில்வக் காய். வெண்கலத் தட்டைத் தட்டையாக விசிறி எறிய ஒரு பிரிவு. சுட்ட மண்பாண்டங்களோடு பெண்கள் ஒரு பிரிவு. கடைசியில் ஈட்டிக்காரர்கள். ஈட்டிக்காரர் சிலரே, ஆனால் அவர்களைக் கண்டால் அடியாட்கள் கிட்டே வர அஞ்சினார்கள். எனக்கு இதில் பிடித்தது வில்வக் காய்தான். பழுக்காத வில்வம் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்பது கோயில் மரத்தடியில் நின்றவர்களுக்குத் தெரியும்.

அரசாங்கம் யார் பக்கம் நின்றது? சிலர் குடியானவர் பக்கம் என்கிறார்கள், சிலர் துரை பக்கம் என்கிறார்கள்.

இரண்டும் நடந்தது, வரிசைப்படி நடந்தது. முதலில் 1860 மார்ச் கடைசியில் 11-ஆம் சட்டம் வந்தது. முன்பணம் வாங்கிவிட்டு விதைக்காமல் இருப்பது ஆறு மாதங்களுக்குக் குற்றம் என்றது அது. பலர் சிறைக்குப் போனார்கள். அதே சட்டத்தில்தான் விசாரணைக் குழுவுக்கும் வழி செய்யப்பட்டது. சீட்டன்-கார் தலைமையில் அமைந்த குழுவில் துரைமாரின் பிரதிநிதி ஒருவர், பாதிரியார் ஒருவர், நிலச்சுவான்தார்களின் சங்கத்திலிருந்து சந்திரமோகன் சட்டர்ஜி ஆகியோர் இருந்தார்கள். குடியானவர் ஒருவரும் உறுப்பினர் இல்லை, ஆனால் சாட்சிகளில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

அந்த ஆகஸ்டில் துணை ஆளுநர் ஜான் பீட்டர் கிரான்ட் குமார், காளிகங்கா ஆறுகளில் படகில் போனார். அறுபது எழுபது மைல் தூரம் இரு கரையிலும் ஆண்களும் பெண்களும் வரிசையாக நின்று நீதி கேட்டார்கள் என்று அவரே பதிவு செய்திருக்கிறார். பெண்கள் தனிக் கூட்டமாக வந்து நின்றது அவரை அசைத்திருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன் சிப்பாய்க் கலகத்தைப் பார்த்த அரசாங்கத்துக்கு அந்தக் கரை என்ன சொன்னது என்று ஊகிக்கலாம். குழுவின் அறிக்கை, இந்தச் சாகுபடியால் குடியானவருக்கு லாபம் இல்லை, பலவந்தம் உண்மை என்று ஒப்புக்கொண்டது. நடப்பு ஒப்பந்தத்தை முடித்துவிட்டு இனி மறுக்கலாம் என்றும் சொன்னது. அக்டோபரில் காலாவதியான சட்டம் புதுப்பிக்கப்படவில்லை.

விலையைக் கூட்டிக் கொடுத்திருந்தால் எல்லாம் அடங்கியிருக்காதா?

குழுவும் அப்படித்தான் நினைத்தது. 1860 ஜூன் 5-ஆம் தேதி சாந்த்பூரைச் சேர்ந்த ஹாஜி முல்லா என்ற குடியானவரைக் கேட்டார்கள். என்ன புது நிபந்தனை வைத்தால் விதைப்பாய் என்றதற்கு, எந்த நிபந்தனையும் எனக்குத் திருப்தி தராது என்றார். கட்டுக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் என்று பாதிரியார் சேல் கேட்டார். ஆறாவது பதிலின் கணக்கை எடுத்துப் பாருங்கள், இது நல்ல ஆலை தந்த விலையைப் போல நான்கு மடங்கு. அவர் அதற்கும் மாட்டேன் என்றார். வேறு தேசம் போவேன், பிச்சை எடுத்தாலும் எடுப்பேனே தவிர நீலம் விதைக்க மாட்டேன் என்றார்.

இது வீம்பு இல்லை. கட்டுக்கு ஒரு ரூபாய் என்று விலையை எழுதினாலும் கட்டை அளக்கும் சங்கிலி ஆலையின் கையில். பாக்கி எழுதும் புத்தகம் ஆலையின் கையில். எந்த வயல், எந்த நாள் என்பதும் ஆலையின் கையில். அப்படியிருக்க எண் மட்டும் மாறி என்ன பயன்? விலை போதாது என்பது மட்டுமே குறையாக இருந்தால் அவர் பேரம் பேசியிருப்பார்.

'நீல் தர்ப்பண்' நாடகத்தைப் பார்த்துத்தான் மக்கள் கொதித்தார்கள் என்று ஒரு வினாத்தாள் விடையில் இருந்ததே?

கால வரிசை தவறு. கிளர்ச்சி 1859-இல் தொடங்கியது, தீனபந்து மித்ராவின் அந்த நாடகம் 1860-இல் டாக்காவில் அச்சாகி வந்தது. அஞ்சல் துறையில் வேலை பார்த்து ஊர் ஊராகச் சுற்றியவர் அவர், பார்த்ததை எழுதினார். அது கல்கத்தாவின் படித்த வர்க்கத்தை அசைத்தது. 1861-இல் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் விதித்தார்கள். அபராதத்தைக் காளிபிரசன்ன சிங்கர் உடனே கட்டினார். கிளர்ச்சிக்கு அன்றன்றைய ஆதரவு தந்தது 'ஹிந்து பேட்ரியட்' ஆசிரியர் ஹரிஷ் சந்திர முகர்ஜி. குடியானவர்கள் அவர் வீட்டுக்கே வந்து மனு எழுதி வாங்கிப் போனார்கள்.

நம் பக்கமும் அவுரி ஏராளமாக விளைந்ததே. இங்கே ஏன் இப்படி ஒரு கலகம் இல்லை?

தென்னார்க்காடும் கடப்பையும் நீலத்துக்குப் பெயர் பெற்றவை. ஆனால் சென்னை மாகாணத்தில் தொட்டிகள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களிடம் இருந்தன, ஆலை சிறியது. காய்ந்த இலையிலிருந்து சாயம் எடுக்கும் முறையும் இங்கே வழக்கில் இருந்தது. இலையைக் காயவைத்துவிட்டால் அறுத்த அன்றே ஆலைக்கு ஓட வேண்டியதில்லை. குடியானவர் தனக்குக் கட்டுப்படியாகும் விலை வரும்வரை வைத்திருக்கலாம், இன்னொரு வியாபாரியிடமும் கேட்கலாம். இங்கே எல்லாம் நியாயமாக நடந்தது என்று சொல்ல வரவில்லை. கடனும் முன்பணமும் இங்கேயும் உண்டு. ஆனால் ஒரு வட்டாரத்தையே ஒரு துரை பிடித்து வைக்கும் ஏற்பாடு வங்காளத்தைப் போல வேரூன்றவில்லை.

1860-இலேயே முடிந்துவிட்டது என்றால் காந்தி எதற்காக 1917-இல் சம்பாரணுக்குப் போனார்? அதற்குள் செயற்கைச் சாயமும் வந்துவிட்டதே?

கீழ் வங்காளத்தில் முடிந்தது, துரைமார் பீகாருக்கு நகர்ந்தார்கள். சம்பாரணில் 'தீன்கட்டியா' என்ற முறை இருந்தது. பிகாவில் 20 கட்டா, அதில் 3 கட்டாவில் கட்டாயம் நீலம். 1897-இல் ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும் இயற்கை நீலத்தின் விலை சரிந்தது. தேர்வில் இதைக் கிளர்ச்சிக்குக் காரணமாக எழுதிவிடுகிறார்கள். கிளர்ச்சி 1859-இல் நடந்தது, செயற்கை நீலம் வந்தது 38 ஆண்டுகள் கழித்து. நீலம் லாபமில்லாமல் போனதும் துரைமார் தங்கள் நட்டத்தைக் குடியானவர்மீது இறக்கினார்கள். இனி நீலம் போட வேண்டாம், அதற்குப் பதிலாக நில வாரத்தை உயர்த்துகிறோம் என்றார்கள், அல்லது மொத்தமாக ஒரு தொகை கேட்டார்கள். முதல் உலகப் போரில் ஜெர்மன் சாயம் நின்று விலை ஏறியதும் மறுபடி நீலம் போடு என்றார்கள்.

ராஜ்குமார் சுக்லா என்ற குடியானவர் விடாமல் அழைத்ததால் 1917 ஏப்ரலில் காந்தி அங்கே போனார். ஆயிரக்கணக்கான குடியானவர்களின் வாக்குமூலங்கள் எழுதப்பட்டன, விசாரணைக் குழு அமைந்தது, 1918-இல் சட்டம் தீன்கட்டியாவை ஒழித்தது. முறையின்றி வசூலித்த தொகையில் 25 சதவீதத்தைத் திருப்பித் தர துரைமார் ஒப்புக்கொண்டார்கள். முழுப் பணத்தையும் கேட்காமல் கால் பங்குக்கு ஏன் இணங்கினீர்கள் என்று காந்தியைக் கேட்டவர்கள் உண்டு. எவ்வளவு என்பது முக்கியமில்லை, துரைமார் ஒரு காசாவது திருப்பித் தந்தார்கள் என்பதுதான் முக்கியம் என்பது அவர் நிலை. சம்பாரணில் எஞ்சியிருந்த துரைமார் சில ஆண்டுகளுக்குள் நிலத்தை விட்டுக் கிளம்பினார்கள்.